'48 மணி நேரம் குடிநீர் நிறுத்தம்'... உங்க அபார்ட்மெண்டுக்கு உண்மையில் எத்தனை நாள்? கூட்டத்து ஸ்லைடை நோட்டீஸாக மாற்றுவது எப்படி?

சென்னையில் குழாய் இணைப்புப் பணி, மெட்ரோ ரயில் பணி என்று ஏதாவது ஒரு காரணத்துக்காக அவ்வப்போது சில பகுதிகளில் குடிநீர் நிறுத்தப்படுகிறது. பெரிய பணியாக இருந்தால் குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகம் குடியிருப்போர் நலச் சங்கங்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் நடத்தும். புரொஜெக்டரில் பத்து, பதினைந்து ஸ்லைடு ஓடும். கூட்டம் முடிந்ததும் அதே ஸ்லைடு பி.டி.எஃப்.பாக வாட்ஸ்அப்புக்கு வரும். சங்கச் செயலாளர் அதை அப்படியே குரூப்பில் போட்டுவிடுவார்.

அடுத்த பத்து நிமிடத்தில் குரூப்பில் கேள்வி ஆரம்பிக்கும். "அப்போ நமக்கு தண்ணி எப்போ வரும்?" "லாரி யார் சொல்றது?" "இன்னைக்கே டிரம் நிரப்பணுமா?" பதில் எல்லாம் ஸ்லைடில் எங்கேயோ இருக்கும், அல்லது ஸ்லைடில் இருக்கவே இருக்காது.

அப்படியானால் அந்த ஸ்லைடிலிருந்து ஒரு தெளிவான நோட்டீஸை எடுப்பது எப்படி? ஒரு மாதிரிக் குடியிருப்பை வைத்து, கணக்கோடு பார்க்கலாம் வாங்க.

மாதிரிக் குடியிருப்பு

சென்னையில் 80 வீடுகள் உள்ள ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 280 பேர். தரைக்குக் கீழே 60,000 லிட்டர் சம்ப். மாடியில் உள்ள டேங்குகள் எல்லாம் சேர்த்து 40,000 லிட்டர். தெருக் குழாயில் மெட்ரோ வாட்டர் தினமும் காலை 5 மணி முதல் 7 மணி வரை வருகிறது. மற்ற நேரத்தில் குழாயில் காற்றுதான்.

மார்ச் 12, வியாழக்கிழமை கூட்டம். அதில் காட்டிய ஸ்லைடுகளில் முதல் ஏழு ஸ்லைடு நகரத்தைப் பற்றியது: ஏரிகளின் கொள்ளளவு, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள், புதிய திட்டத்தின் செலவு. அதற்குப் பிறகுதான் விஷயம் வருகிறது.

எட்டாவது ஸ்லைடு: பிரதான குழாய் இணைப்புப் பணிக்காக மார்ச் 17, செவ்வாய் காலை 8 மணி முதல் மார்ச் 19, வியாழன் காலை 8 மணி வரை, மொத்தம் 48 மணி நேரம் நிறுத்தம்.

ஒன்பதாவது ஸ்லைடு: பணி முடிந்த 24 மணி நேரத்தில் அழுத்தம் சீராகும். கடைக்கோடிப் பகுதிகளுக்குக் கூடுதல் நேரம் ஆகலாம்.

பத்தாவது ஸ்லைடு: பொதுமக்கள் முன்கூட்டியே போதிய அளவு சேமித்துக்கொள்ளவும். அவசரத் தேவைக்கு லாரி தண்ணீரைப் பதிவு செய்து பெறலாம்.

நோட்டீஸுக்குத் தேவையானது இந்த மூன்று ஸ்லைடுதான். ஆனால் மூன்றையும் அப்படியே எழுதினால் நோட்டீஸ் தப்பாகிவிடும்.

48 மணி நேரம் எப்படி 94 மணி நேரமாகிறது?

ஸ்லைடில் இருக்கும் 48 மணி நேரம் வாரியத்தின் கணக்கு. பெரிய குழாயை மூடி, உள்ளே இருக்கும் தண்ணீரை வடித்து, இணைப்பு கொடுத்து, திரும்பத் திறக்க ஆகும் நேரம் அது. வீட்டில் இருப்பவருக்கு வேண்டிய கணக்கு வேறு. கடைசியாகத் தண்ணீர் எப்போ வரும், அடுத்து நம்பகமாக எப்போ வரும்? இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் அவருடைய நிறுத்தம்.

நம் மாதிரிக் குடியிருப்பில் அதைப் போட்டுப் பார்ப்போம். செவ்வாய் காலை 5 முதல் 7 வரை வழக்கம்போல் தண்ணீர் வந்துவிடும். ஏனென்றால் பணி 8 மணிக்குத்தான் ஆரம்பம். புதன் காலை கிடையாது. வியாழன் காலை 8 மணிக்குப் பணி முடிகிறது, ஆனால் இந்தத் தெருவின் நேரமோ 5 முதல் 7. அதனால் வியாழனும் போச்சு. வெள்ளி காலை 5 மணி என்பது, அழுத்தம் சீராக வாரியம் சொன்ன அந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே வருகிறது. காலியாக இருந்த பெரிய குழாய் முதலில் நிரம்ப வேண்டும், உள்ளே மாட்டிய காற்று வெளியேற வேண்டும், பகுதி நீரேற்று நிலையத் தொட்டி நிரம்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் தெருவுக்குத் தண்ணீர். எனவே வெள்ளிக்கிழமை வரலாம், சொட்டுச் சொட்டாக வரலாம், வராமலும் போகலாம். முழு அளவில் நம்பலாம் என்றால் சனி காலை 5 மணி.

செவ்வாய் காலை 7 முதல் சனி காலை 5 வரை எண்ணினால் 94 மணி நேரம். கிட்டத்தட்ட நான்கு நாள். ஸ்லைடோ 'இரண்டு நாள்' என்கிறது. இரண்டுமே உண்மைதான். ஆனால் நோட்டீஸில் 48 மணி நேரம் என்று மட்டும் போட்டால், வியாழக்கிழமை காலை குழாயைத் திறந்து பார்ப்பவர்கள் சங்கத்தைத்தான் திட்டுவார்கள்.

இந்தக் கணக்கு தெருவுக்குத் தெரு மாறும். காலை 10 மணிக்கு முறை வரும் தெருவுக்கு வியாழனே கொஞ்சம் வரலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தெருவுக்கு இடைவெளி இன்னும் நீளலாம். அதனால் கூட்டத்திலிருந்து எழுந்து வருவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: "சார், எங்க தெருவுக்கு நிறுத்தத்துக்கு முந்தின கடைசி முறை எப்போ? திறந்த பிறகு முதல் முறை எப்போ?" பெரும்பாலும் பொறியாளர் அங்கேயே சொல்லிவிடுவார். நம் மாதிரியில் வந்த பதில்: "வெள்ளி காலை வால்வு திறப்போம், ஆனா பிரஷர் கம்மியாத்தான் இருக்கும். சனிக்கிழமை எதிர்பார்க்கலாம்." ஸ்லைடில் இல்லாத இந்த ஒரு வரிதான் நோட்டீஸின் முதுகெலும்பு.

இருக்கிற தண்ணீர் எத்தனை நாள் தாங்கும்?

அடுத்து, 'போதிய அளவு சேமித்துக்கொள்ளவும்' என்ற பத்தாவது ஸ்லைடு. போதிய அளவு என்றால் எவ்வளவு? இதை ஸ்லைடு சொல்லாது, சொல்லவும் முடியாது. சங்கம்தான் கணக்குப் போட வேண்டும்.

முதலில் கையிருப்பு. சம்ப் 60,000 லிட்டர் என்றாலும் முழுசும் மேலே ஏறாது. அடியில் சுமார் 20 சென்டிமீட்டர் தண்ணீரை மோட்டார் இழுக்காது. நம் சம்பின் அளவு நீளம் 6 மீட்டர், அகலம் 4 மீட்டர், ஆழம் 2.5 மீட்டர். இந்த அளவுக்கு ஒரு சென்டிமீட்டர் உயரம் என்றால் 240 லிட்டர். அதனால் அடியில் தங்குவது சுமார் 5,000 லிட்டர். அதைக் கழித்தால் சம்பில் 55,000, மாடி டேங்குகளில் 40,000, ஆக 95,000 லிட்டர் கையில் இருக்கிறது.

இனி செலவு. பாதாள சாக்கடை உள்ள நகரங்களுக்குக் குடிநீர்த் திட்டம் போடும்போது ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் வழிகாட்டி நூலில் உள்ள அளவு. 280 பேருக்கு அது 37,800 லிட்டர். நான்கு நாளுக்கு 1,51,200 லிட்டர் வேண்டும். இருப்பதோ 95,000. வழக்கம்போல் செலவழித்தால் இரண்டரை நாளில், அதாவது வியாழக்கிழமை மாலையில் டேங்க் காலி.

அப்போ சங்கத்துக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒரு ஆளுக்கு 80 லிட்டர் என்று கட்டுப்படுத்தினால் நான்கு நாளுக்கு 89,600 லிட்டர் போதும், லாரியே வேண்டாம். ஆனால் எண்பது வீடும் அதைக் கடைப்பிடிப்பது கஷ்டம். 100 லிட்டர் என்று வைத்தால் 1,12,000 லிட்டர் வேண்டும், 17,000 குறைகிறது. 9,000 லிட்டர் லாரி இரண்டு வந்தால் அந்தக் குறை தீர்ந்துவிடும். நம் மாதிரிச் சங்கம் இரண்டாவது வழியை எடுக்கிறது.

லாரியை எந்த நாளுக்குச் சொல்வது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை சம்ப் நிறைந்திருக்கும், லாரி வந்தால் ஊற்ற இடம் இருக்காது. அதனால் புதன் ஒன்று, வியாழன் ஒன்று. ஆனால் பதிவை முன்கூட்டியே செய்துவிட வேண்டும். அதே நாட்களில் அந்தப் பகுதி முழுக்க லாரி கேட்கும்.

வீட்டில் இருப்பவருக்கு 1,12,000 லிட்டர் என்று சொன்னால் ஒன்றும் புரியாது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 400 லிட்டர், அதாவது 20 லிட்டர் பக்கெட்டில் 20 பக்கெட் என்று சொன்னால் உடனே புரியும். நோட்டீஸில் போக வேண்டியது இந்த அளவுதான்.

டிரம் நிரப்பச் சொல்வதிலும் ஒரு சிக்கல்

'சேமித்துக்கொள்ளவும்' என்று தேதி போடாமல் எழுதினால் என்ன நடக்கும்? எல்லாரும் திங்கள் இரவோ செவ்வாய் காலையோ ஒரே நேரத்தில் டிரம், பக்கெட், குண்டான் எல்லாவற்றையும் நிரப்புவார்கள். செவ்வாய் காலை 7 மணிக்கு மேல் நிரப்பினால் அது சேமிப்பே கிடையாது. சம்பில் இருந்த தண்ணீர் வீட்டு டிரம்முக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். முதலில் நிரப்பியவர் வீட்டில் இருக்கும், வேலைக்குப் போய் இரவு வருபவர் வீட்டில் இருக்காது.

உண்மையான சேமிப்பு என்பது, எடுத்த இடத்தில் திரும்பத் தண்ணீர் வந்து நிரம்புவது. ஞாயிறு மாலைக்குள் வீடுகளில் நிரப்பிவிட்டால், திங்கள் காலையும் செவ்வாய் காலையும் வரும் இரண்டு முறைத் தண்ணீர் அந்த இடத்தை ஈடுகட்ட வாய்ப்பு இருக்கிறது. அதனால் நோட்டீஸில் 'ஞாயிறு மாலை 6 மணிக்குள்' என்று நேரம் போட்டே சொல்ல வேண்டும். செவ்வாய் காலை 7 மணிக்கு சம்ப் உண்மையிலேயே நிறைந்திருக்கிறதா என்று வாட்ச்மேன் குச்சி விட்டுப் பார்க்க வேண்டும். நிறையவில்லை என்றால் ஒவ்வொரு சென்டிமீட்டர் குறைவும் 240 லிட்டர். மேலே போட்ட கணக்கைத் திருத்திவிட்டு லாரியைக் கூட்டிக்கொள்ளலாம்.

சேமிக்கும் பாத்திரத்துக்கு மூடி வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும். மூடாத டிரம் அதற்குத் தோதான இடம்.

ஸ்லைடில் எதை விட வேண்டும்?

முதல் ஏழு ஸ்லைடை நோட்டீஸில் சேர்க்கத் தோன்றும். எண்கள் எல்லாம் பெரிசாக இருக்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். உதாரணத்துக்கு, மீஞ்சூரில் ஒரு நாளைக்கு 100 எம்.எல்.டி., நெம்மேலியில் 100 எம்.எல்.டி., 2024-ல் திறந்த நெம்மேலி இரண்டாவது நிலையத்தில் 150 எம்.எல்.டி. என்று ஒரு ஸ்லைடு இருக்கலாம். ஒரு எம்.எல்.டி. என்றால் ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டர். அது நகரத்துக்கான உற்பத்தித் திறன். உங்கள் தெரு வால்வுக்கும் அந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

இந்த எண்களைப் போட்டால் நன்மையை விடக் குழப்பம்தான் அதிகம். "ஏரியெல்லாம் நிறைஞ்சிருக்கே, அப்புறம் ஏன் தண்ணி இல்ல?" என்று கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு வரி பதில் நோட்டீஸில் இருந்தால் போதும்: இது தண்ணீர்ப் பற்றாக்குறை இல்லை, குழாய் இணைப்பு வேலை. அந்த வரி இருந்தால், 2019 கோடையை நினைத்துப் பயந்து யாரும் தேவைக்கு மேல் லாரி சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு வகை, காது வழியே நழுவிப் போகும் சொற்கள். 'விநியோகம் முறைப்படுத்தப்படும்' என்றால் குறைவாக வரும் என்று பொருள். 'படிப்படியாகச் சீராகும்' என்றால் முதல் நாள் நம்ப வேண்டாம் என்று பொருள். 'கடைக்கோடிப் பகுதி' என்றால் யார்? வரைபடத்தில் நிறம் தீட்டிக் காட்டுவார்கள், போனில் பார்த்தால் தெரியாது. நம் தெரு அதில் இருக்கிறதா இல்லையா என்று கூட்டத்திலேயே கேட்டு, 'நம் தெரு உண்டு' அல்லது 'நம் தெரு இல்லை' என்று நோட்டீஸில் எழுத வேண்டும்.

யார் சொன்னது? இது ரொம்ப முக்கியம்

நோட்டீஸில் மூன்று விதமான தகவல் கலந்து வரும். வாரியம் அறிவித்தது ஒன்று, சங்கம் கணக்குப் போட்டுச் சொல்வது ஒன்று, சங்கம் எடுத்த முடிவு ஒன்று. செவ்வாய் காலை 8 மணி என்பது வாரியத்தின் அறிவிப்பு. சனிக்கிழமை காலை முழுத் தண்ணீர் என்பது பொறியாளர் சொன்னதை வைத்துச் சங்கம் எதிர்பார்ப்பது. மோட்டார் நேரம் சங்கத்தின் முடிவு.

மூன்றையும் ஒரே தொனியில் எழுதினால், சனிக்கிழமை தண்ணீர் வராதபோது 'மெட்ரோ வாட்டர் சொன்னதே' என்று ஒரு கூட்டமும் 'சங்கம் ஏமாத்திடுச்சு' என்று இன்னொரு கூட்டமும் சண்டை போடும். அதனால் ஒவ்வொரு வரியிலும் 'வாரியம் அறிவித்துள்ளது', 'எதிர்பார்க்கிறோம்', 'சங்கம் முடிவு செய்துள்ளது' என்று பிரித்து எழுதுங்க. கூடுதலாக ஓரிரண்டு சொல்தான் ஆகும், சண்டை வராது.

நோட்டீஸ் இதுதான்

மேலே பார்த்த எல்லாவற்றையும் சேர்த்தால் நோட்டீஸ் இப்படி வரும். போனில் ஒரு முறை தள்ளினால் படித்து முடிக்கலாம்.

> குடிநீர் அறிவிப்பு – 1
> வெளியிட்ட நாள்: மார்ச் 13, வெள்ளி
>
> மார்ச் 17, செவ்வாய் காலை 7 மணிக்குப் பிறகு நம் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீர் வராது. மார்ச் 21, சனி காலைதான் முழு அளவில் வரும் என்று எதிர்பார்க்கிறோம்.
>
> ஏன்? பெரிய குழாய் இணைப்பு வேலைக்காக செவ்வாய் காலை 8 முதல் வியாழன் காலை 8 வரை நிறுத்தம் என்று குடிநீர் வாரியம் அறிவித்துள்ளது. நம் தெருவின் நேரம் காலை 5 – 7 என்பதால் நமக்கு இடைவெளி கூடுகிறது. வெள்ளி காலை குறைந்த அழுத்தத்தில் வரலாம். இது தண்ணீர்ப் பற்றாக்குறை இல்லை.
>
> நீங்கள் செய்ய வேண்டியது
> 1. மார்ச் 15, ஞாயிறு மாலை 6 மணிக்குள் குடிக்க, சமைக்கத் தேவையான தண்ணீரை மூடி உள்ள பாத்திரத்தில் பிடித்து வையுங்கள். செவ்வாய்க்குப் பிறகு டிரம் நிரப்ப வேண்டாம்.
> 2. செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 20 பக்கெட். வாஷிங் மெஷின், கார் கழுவுவது, பால்கனி கழுவுவது சனிக்கிழமைக்குப் பிறகு.
>
> சங்கம் முடிவு செய்திருப்பது
> வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும் நேரம் இந்த நான்கு நாளும் காலை 6 – 8, மாலை 6 – 8 மட்டும். புதன், வியாழன் ஒவ்வொரு லாரி சொல்லப்பட்டுள்ளது. தனியாக லாரி சொல்ல வேண்டாம்.
>
> நடக்க முடியாதவர், கைக்குழந்தை, நோயாளி உள்ள வீடுகள் சனிக்கிழமைக்குள் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள். வேறு நேரத்திலும் இரண்டு பக்கெட் வீட்டுக்குக் கொண்டுவந்து தர ஏற்பாடு செய்யப்படும்.
>
> அடுத்த அறிவிப்பு: மார்ச் 19, வியாழன் மாலை 7 மணி.
> – செயலாளர்

இந்த நோட்டீஸில் கவனிக்க வேண்டியவை

முதல் வரியிலேயே 'எப்போ நிற்கும், எப்போ வரும்' இரண்டும் வந்துவிட்டது. குரூப்பில் பாதிப் பேர் முதல் வரிக்கு மேல் படிக்க மாட்டார்கள், அவர்களுக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். காரணம் அதற்குப் பிறகுதான். ஸ்லைடில் வரிசை இதற்கு நேர் எதிராக இருக்கும்: முதலில் திட்டம், பிறகு காரணம், கடைசியில் தேதி.

'நாளை', 'நாளை மறுநாள்', 'வரும் செவ்வாய்' போன்ற சொல் எதுவும் இதில் கிடையாது. வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் மூன்று நாள் கழித்தும் ஃபார்வர்டு ஆகும். அப்போது 'நாளை' என்பது தப்பான நாளாகிவிடும். தேதி, கிழமை இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்றில் பிழை இருந்தாலும் மற்றது காட்டிக் கொடுத்துவிடும். 'அறிவிப்பு – 1' என்று எண் போடுவதும் இதற்காகத்தான். அடுத்து இரண்டாவது வந்தால் முதலாவது பழசு என்று எல்லாருக்கும் தெரியும்.

நோட்டீஸோடு சேர்த்து ஸ்லைடு பி.டி.எஃப்.பை அனுப்ப வேண்டாம். இரண்டையும் அனுப்பினால் '48 மணி நேரமா, நான்கு நாளா' என்று மறுபடி குழப்பம். வேண்டும் என்று கேட்பவருக்குத் தனியாக அனுப்பலாம்.

போன் பார்க்காதவர்களும் வீட்டில் இருக்கிறார்கள். பாத்திரம் கழுவ வரும் அக்கா, தாத்தா பாட்டி, புதிதாகக் குடிவந்தவர்கள் எல்லாரும்தான் தண்ணீரைச் செலவு செய்பவர்கள். அதனால் நோட்டீஸின் முதல் வரியையும் மோட்டார் நேரத்தையும் மட்டும் பெரிய எழுத்தில் லிஃப்ட் பக்கத்திலும் கேட்டிலும் ஒட்ட வேண்டும்.

வாட்ச்மேனுக்குத் தனித் தாள்

குடியிருப்பவர்களுக்குத் தேவையில்லாத, ஆனால் மோட்டார் போடுபவருக்குக் கட்டாயம் தேவையான சில விஷயங்கள் இருக்கின்றன. அவற்றை நோட்டீஸில் போட்டு நீட்டாமல் ஒரு தனித் தாளில் எழுதி மோட்டார் ரூமில் ஒட்டிவிடுங்க.

தினமும் காலை 6 மணிக்குச் சம்பில் குச்சி விட்டு அளவை எழுத வேண்டும். 100 லிட்டர் கணக்குப்படி ஒரு நாள் செலவு 28,000 லிட்டர். மாடி டேங்கைத் தொடர்ந்து நிரப்பி வைத்தால், சம்ப் ஒரு நாளைக்குச் சுமார் 117 சென்டிமீட்டர் இறங்கும். புதன் காலை பார்க்கும்போது 150 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால், கட்டுப்பாடு வேலை செய்யவில்லை அல்லது எங்கேயோ டேங்க் வழிகிறது, ஃபிளஷ் ஒழுகுகிறது என்று அர்த்தம். அப்போதே தெரிந்தால் மூன்றாவது லாரி சொல்ல நேரம் இருக்கும். வெள்ளிக்கிழமை மோட்டார் காற்றை இழுக்கும்போது தெரிந்தால் நேரம் இருக்காது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாரும் கெட்டுப்போகும்.

லாரி வந்த நாளில் எவ்வளவு ஏறியது என்பதையும் குச்சியால் பார்க்கலாம். ஊற்றும்போது மோட்டாரை நிறுத்தி வைத்தால், 9,000 லிட்டர் ஊற்றிய பிறகு சம்ப் 37 சென்டிமீட்டர் போல ஏற வேண்டும். 25 சென்டிமீட்டர்தான் ஏறியது என்றால் வந்தது 6,000 லிட்டர்.

தண்ணீர் திரும்ப வரும் நாள்

நிறைய சங்கங்கள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. தண்ணீர் வந்த சந்தோஷத்தில் முதல் தண்ணீரை நேரே சம்புக்குள் விட்டுவிடுவார்கள். காலியாக இருந்த குழாயில் படிந்திருந்த துருவும் மண்ணும் முதல் தண்ணீரோடுதான் வரும். குழாய் காலியாக இருந்த நேரத்தில் எங்கேயாவது விரிசல் இருந்தால் வெளித் தண்ணீரும் உள்ளே புகுந்திருக்கலாம்.

அதனால் வெள்ளி காலை தண்ணீர் வந்தால், சம்புக்குப் போகும் வால்வைத் திறக்காமல் முதலில் வெளிக் குழாயில் ஒரு வெள்ளை பக்கெட்டில் பிடித்துப் பார்க்க வேண்டும். அடி தெளிவாகத் தெரிகிற வரை செடிக்கு விடலாம். கண்ணுக்குத் தெளிந்தாலும் கிருமி இல்லை என்று அர்த்தமில்லை. பலர் கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. அதற்குக் குளோரின் பரிசோதனைச் சொட்டு மருந்து கிட் உதவும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம், குளோரின் கலந்து விநியோகிக்கும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மீதி இருக்க வேண்டும் என்கிறது. கிட் இல்லையென்றால், முதல் இரண்டு நாள் குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது பாதுகாப்பு.

இதெல்லாம் முதல் நோட்டீஸில் வேண்டாம். வியாழன் மாலை போடும் இரண்டாவது அறிவிப்பில் மூன்றே வரி போதும்: பணி முடிந்ததா இல்லையா, கையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, வந்த தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கவும்.

கணக்கு தப்பினால்?

பணி நீளலாம். பொறியாளர் சொன்ன சனிக்கிழமை ஞாயிறாகலாம். நோட்டீஸால் அதைத் தடுக்க முடியாது. ஆனால் வியாழன் மாலை 7 மணிக்கு அடுத்த அறிவிப்பு என்று நேரம் கொடுத்திருப்பதால், அதுவரை எல்லாரும் காத்திருப்பார்கள். சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லையென்றாலும் அந்த நேரத்துக்கு ஒரு வரி போட்டுவிட வேண்டும்: 'வாரியத்திடமிருந்து மாற்றம் எதுவும் வரவில்லை, சம்பில் இவ்வளவு இருக்கிறது.'

சனி காலை 7 மணி வரை தண்ணீர் வரவில்லையா? உடனே பகுதி டெப்போவுக்குச் சொல்லிவிட்டு, குடிநீர் வாரியத்தின் புகார் எண் 044-4567 4567 அல்லது 1916-ல் பதிவு செய்து புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்க. எண்பது வீடும் தனித்தனியாகப் போன் போடுவதை விட, குடியிருப்பின் பெயரில் ஒரு புகார், அதன் எண் குரூப்பில் என்பது நல்லது.

நோட்டீஸ் தெளிவாக இருந்ததா என்று தெரிந்துகொள்ளவும் ஒரு வழி இருக்கிறது. போட்ட பிறகு குரூப்பில் வரும் கேள்விகளைப் பாருங்க. ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டால், அந்தப் பதில் நோட்டீஸில் இல்லை, அல்லது கண்ணில் படும் இடத்தில் இல்லை. மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதை விட, அந்த வரியைச் சேர்த்து 'அறிவிப்பு – 1, திருத்தியது' என்று போட்டுவிட்டு, கேட்டில் ஒட்டிய தாளையும் அன்றைக்கே மாற்றிவிடுங்க.